பத்துக் கிலோ குழந்தைக்கு எத்தனை மில்லிகிராம்?

காசநோய்க்கு ஐசோனியாசிட் கொடுக்கும்போது வளர்ந்தவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று கணக்கிடுகிறோம். குழந்தைக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம். ரிஃபாம்பிசினில் வளர்ந்தவருக்கு 10, குழந்தைக்கு 15. மருந்தியல், செவிலியர் படிப்பு மாணவர்கள் இந்த நான்கு எண்களையும் மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வில் சரியாக எழுதியும் விடுகிறார்கள். ஆனால் சிறிய உடலுக்குக் கிலோவுக்குக் கிலோ அதிக மருந்து ஏன் என்ற கேள்விக்கு விடை தெரியாமல் இந்த எண்களைக் கையாள்வது ஆபத்தானது. குழந்தைக்கான அந்தப் பெரிய எண், எடை என்ற பெயரில் எழுதப்பட்டிருந்தாலும், உண்மையில் உடல் மேற்பரப்பின் கணக்கைத்தான் பெரும்பாலும் பின்பற்றுகிறது என்பது என் வாதம். அதைப் புரிந்துகொண்டால் எடைக் கணக்கு எங்கே போதும், மேற்பரப்பு எங்கே தேவை, இரண்டுமே எங்கே கைவிடும் என்பது தெளிவாகும்.

கணக்குக்காக ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் சாலையில் உள்ள வாடிப்பட்டியின் அரசு மருத்துவமனைக்கு வரும் இரண்டு வயதுக் குழந்தை என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டில் பெரியவர் ஒருவருக்குச் சளியில் காசநோய்க் கிருமி இருந்தது. பரிசோதித்ததில் குழந்தைக்கும் நோய் உறுதியாகிவிட்டது. எடை 10 கிலோ, உயரம் 81 சென்டிமீட்டர். இந்த வயதுக்கு இரண்டுமே சற்றுக் குறைவு. போதிய ஊட்டமில்லாத குழந்தை. ஒப்பிடுவதற்கு 60 கிலோ எடையும் 165 சென்டிமீட்டர் உயரமும் உள்ள வளர்ந்தவர் ஒருவரை வைத்துக்கொள்வோம். அவருக்கு ஒரு நாளைக்கு ஐசோனியாசிட் 300 மில்லிகிராம், ரிஃபாம்பிசின் 600 மில்லிகிராம். இந்த அளவுகள் பல ஆண்டு அனுபவத்தில் நிலைத்தவை. இவற்றிலிருந்து குழந்தையின் அளவுக்கு எப்படி வருவது?

பழைய பாடநூல்களின் வழி வயது. யங் விதிப்படி, வயதை வயதுடன் 12 கூட்டிய எண்ணால் வகுத்து, வளர்ந்தவரின் அளவால் பெருக்க வேண்டும். இரண்டை 14-ஆல் வகுத்தால் ஏழில் ஒரு பங்கு. 300-இல் அது ஏறத்தாழ 43 மில்லிகிராம். வயதை மட்டும் பார்க்கும் இந்த விதிக்கு, எட்டுக் கிலோ குழந்தையும் பதினான்கு கிலோ குழந்தையும் ஒன்றுதான். அடுத்தது எடை. கிளார்க் விதியின் சாரம், குழந்தையின் எடையை வளர்ந்தவரின் எடையால் வகுப்பது. 10-ஐ 60-ஆல் வகுத்து 300-ஆல் பெருக்கினால் 50 மில்லிகிராம், அதாவது கிலோவுக்கு 5. ரிஃபாம்பிசின் 100 மில்லிகிராம், கிலோவுக்கு 10. கணக்கில் பிழை இல்லை. ஆனால் இதற்கடியில் ஓர் அனுமானம் இருக்கிறது: குழந்தையின் ஒரு கிலோவும் பெரியவரின் ஒரு கிலோவும் மருந்தை ஒரே வேகத்தில் வெளியேற்றுகின்றன என்பதுதான் அது. அந்த அனுமானம் தவறு.

ஜெர்மானிய உடலியலாளர் மாக்ஸ் ரூப்னர் வெவ்வேறு அளவுள்ள நாய்களின் உடல் வெப்பத்தை அளந்து 1883-இல் எழுதியது இங்கே உதவுகிறது. சிறிய நாய் கிலோவுக்கு அதிக வெப்பத்தை உண்டாக்கியது. ஆனால் தோலின் பரப்பளவால் வகுத்தபோது பெரிய நாய்க்கும் சிறிய நாய்க்கும் எண் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தது. உருவம் சிறுத்தால் எடை வேகமாகக் குறையும், மேற்பரப்பு மெதுவாகக் குறையும். எனவே சிறிய உடலில் ஒவ்வொரு கிலோவுக்கும் தோல் அதிகம், வெப்ப இழப்பு அதிகம், அதை ஈடுகட்ட உள்ளே வேலையும் அதிகம். இதயம் இறைக்கும் ரத்தம், சிறுநீரகம் வடிகட்டும் நீர், கல்லீரலின் உழைப்பு ஆகியவையும் எடையைவிட மேற்பரப்பையே நெருக்கமாகத் தொடர்கின்றன. இரண்டு வயதுக் குழந்தையின் கல்லீரல், உடல் எடையின் விகிதத்தில் பார்த்தால், பெரியவரின் கல்லீரலைவிடப் பெரியது. ஐசோனியாசிட்டையும் ரிஃபாம்பிசினையும் முதன்மையாகக் கையாள்வது அந்தக் கல்லீரல்தான்.

இனி மேற்பரப்புக் கணக்கு. உடலின் தோலை உரித்து அளக்க முடியாது என்பதால் உயரத்திலிருந்தும் எடையிலிருந்தும் மதிப்பிடுகிறோம். டூ பாய்ஸ் இருவர் 1916-இல் வெளியிட்ட சூத்திரம் ஒன்பது பேரை மட்டுமே அளந்து உருவானது என்பதை நினைவில் வைப்பது நல்லது; இந்த எண்களைத் தங்கம் நிறுப்பதுபோல மூன்றாம் தசமம் வரை நம்பக் கூடாது. இன்று வகுப்பறையிலும் வார்டிலும் அதிகம் பயன்படுவது 1987-இல் மோஸ்டெல்லர் எளிமையாக்கித் தந்த வடிவம்:

```
BSA (m²) = √( cm × kg ÷ 3600 )
```

குழந்தைக்கு 81-ஐ 10-ஆல் பெருக்கினால் 810. அதை 3600-ஆல் வகுத்தால் 0.225. அதன் வர்க்கமூலம் 0.474. ஆகவே குழந்தையின் மேற்பரப்பு 0.474 சதுர மீட்டர். வளர்ந்தவருக்கு 165-ஐ 60-ஆல் பெருக்கி 3600-ஆல் வகுத்தால் 2.75, வர்க்கமூலம் 1.658 சதுர மீட்டர். விடை சரியா என்று பார்க்க, எடையை மட்டும் கொண்ட இன்னொரு சூத்திரம் இருக்கிறது: எடையை நான்கால் பெருக்கி ஏழு கூட்டி, அதை எடையுடன் 90 கூட்டிய எண்ணால் வகுக்க வேண்டும். பத்துக் கிலோவுக்கு 47-ஐ 100-ஆல் வகுத்தால் 0.47. இரண்டு வழியிலும் ஏறத்தாழ ஒரே எண் வருகிறது. எனவே பெருக்கலிலோ வர்க்கமூலத்திலோ பெரிய பிழை நேரவில்லை. மாணவர்கள் இங்கே அதிகம் செய்யும் தவறு வர்க்கமூலத்தை மறந்து 0.225-ஐயே எழுதிவிடுவது. பிறந்த குழந்தைக்கே சுமார் 0.2 சதுர மீட்டர் இருக்கும் என்று தெரிந்தவர் இரண்டு வயதுக் குழந்தைக்கு 0.225 என்பதைப் பார்த்ததும் நின்றுவிடுவார்.

வளர்ந்தவரின் 300 மில்லிகிராமை 1.658-ஆல் வகுத்தால் ஒரு சதுர மீட்டருக்கு 181 மில்லிகிராம். அதைக் குழந்தையின் 0.474-ஆல் பெருக்கினால் 86 மில்லிகிராம். கிலோவுக்கு 8.6. ரிஃபாம்பிசினில் 600-ஐ 1.658-ஆல் வகுத்தால் 362, அதை 0.474-ஆல் பெருக்கினால் 172 மில்லிகிராம், கிலோவுக்கு 17. எடைக் கணக்கு தந்த 5, 10 என்ற எண்களுக்குப் பக்கத்தில் 8.6, 17 என்ற எண்களை வையுங்கள். பிறகு இன்றைய வழிகாட்டுதலின் 10, 15 என்ற எண்களையும் வையுங்கள். குழந்தைக்கான அளவு எந்தக் கணக்கின் பக்கம் நிற்கிறது என்பது வெளிப்படை.

இது காகிதத்தில் மட்டும் நடக்கும் பொருத்தமா? உலகச் சுகாதார நிறுவனமே வெகுகாலம் குழந்தைகளுக்கும் வளர்ந்தவரின் 5, 10 என்ற கிலோக் கணக்கையே சொல்லிவந்தது. சிகிச்சை பெறும் குழந்தைகளின் ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்தபோது, அது வளர்ந்தவர்களிடம் காணும் அளவைவிடக் குறைவாக இருந்தது. வயது குறையக் குறைய இன்னும் குறைந்தது. 2010-ஐ ஒட்டி அளவுகள் 10, 15 என்று உயர்த்தப்பட்டன. நம் மாநிலத்திலேயே இதற்குச் சான்று உண்டு. 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையமாகத் தொடங்கி, மதுரையிலும் கிளை கொண்ட தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கீதா ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, குழந்தைகளின் ரத்தத்தில் மருந்தின் அளவை வயது, ஊட்டநிலை, ஐசோனியாசிட்டை உடல் சிதைக்கும் மரபுவேகம் ஆகிய மூன்றும் மாற்றுகின்றன என்று காட்டியது. சின்னஞ்சிறு குழந்தைகளிடமும் ஊட்டம் குறைந்தவர்களிடமும் அளவு குறைவாக இருந்தது. நம் கணக்கில் வரும் குழந்தை இந்த இரண்டு வகையிலும் அடங்குகிறது.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். அளவுகளை உயர்த்தியது ரத்தப் பரிசோதனைதானே, மேற்பரப்புச் சூத்திரம் அல்லவே? ஆம். யாரும் மோஸ்டெல்லரை வைத்து 10 என்று தீர்மானிக்கவில்லை. ஐசோனியாசிட்டில் 8.6 என்ற எண் 10-க்குக் கீழே நிற்பதும், ரிஃபாம்பிசினில் 17 என்பது 15-ஐத் தாண்டுவதும் சூத்திரம் முழு உண்மையைச் சொல்வதில்லை என்பதையே காட்டுகின்றன. ஐசோனியாசிட்டை வேகமாகச் சிதைக்கும் மரபுடைய குழந்தைக்கும் மெதுவாகச் சிதைக்கும் குழந்தைக்கும் உள்ள வேறுபாட்டை எந்த அளவுநாடாவும் சொல்லாது. ஆனால் வழக்கமான எடைக் கணக்கு ஐசோனியாசிட்டில் பாதியையும் ரிஃபாம்பிசினில் மூன்றில் இரண்டு பங்கையுமே தந்த இடத்தில், மேற்பரப்பு ஆறில் ஒரு பங்குப் பிழைக்குள் வந்து நிற்கிறது. காரணம் தெரியாமல் கிடைத்த பொருத்தம் இல்லை இது. கல்லீரலும் ரத்த ஓட்டமும் எதைத் தொடர்கின்றன என்பதிலிருந்து வரும் பொருத்தம்.

அப்படியென்றால் எல்லா மருந்துக்கும் மேற்பரப்பையே ஏன் பயன்படுத்தக் கூடாது என்பது அடுத்த கேள்வி. உயரம் அளப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையை நிற்க வைத்து அளக்க முடியாது. படுக்க வைத்து, தலையை ஒருவர் பிடிக்க, முழங்காலை இன்னொருவர் நீட்டிப் பிடிக்க வேண்டும். எடைக்கருவி எல்லா இடத்திலும் உண்டு. நீள அளவுப்பலகையும் இரண்டு பேரும் எல்லா நேரமும் இருப்பதில்லை. உயரத்தில் நேரும் பிழை வர்க்கமூலத்துக்குள் போவதால் பாதியாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம், மறுபடி பெருக்கல் என ஒவ்வொரு படியும் தசமப்புள்ளி இடம் மாறுவதற்கான வாய்ப்பு. ஐசோனியாசிட், பாராசிட்டமால் போல அளவு சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் தாங்கக்கூடிய மருந்துகளில் இந்த உழைப்புக்கு ஈடான பயன் இல்லை. அதனால்தான் மேற்பரப்பின் திருத்தத்தைக் கிலோவுக்கான எண்ணுக்குள்ளேயே வைத்து, எடையை மட்டும் பார்க்கச் சொல்கிறார்கள்.

இந்தியாவில் 2017 முதல் காசநோய் மாத்திரைகளைத் தினமும் கொடுக்கும் முறை வந்தபோது, இந்த எளிமை இன்னும் ஒரு படி முன்னேறியது. குழந்தைகளுக்கான கூட்டு மாத்திரை ஒன்றில் ஐசோனியாசிட் 50, ரிஃபாம்பிசின் 75, பைரசினமைடு 150 மில்லிகிராம். தண்ணீரில் கரையும். 4 முதல் 7 கிலோ வரை ஒன்று, 8 முதல் 11 வரை இரண்டு, 12 முதல் 15 வரை மூன்று, 16 முதல் 24 வரை நான்கு. எத்தாம்பியூட்டால் மாத்திரையைத் தனியாகச் சேர்க்கிறார்கள். நம் பத்துக் கிலோ குழந்தைக்கு இரண்டு மாத்திரை; ஐசோனியாசிட் 100, ரிஃபாம்பிசின் 150 மில்லிகிராம், அதாவது கிலோவுக்குச் சரியாக 10, 15. எட்டுக் கிலோ குழந்தைக்கும் அதே இரண்டு மாத்திரைதான். அங்கே கிலோவுக்கு 12.5 ஐசோனியாசிட், 18.75 ரிஃபாம்பிசின். பதினோரு கிலோவில் 9.1, 13.6. ஐசோனியாசிட்டுக்கு 7 முதல் 15 வரையும், ரிஃபாம்பிசினுக்கு 10 முதல் 20 வரையும் ஏற்கத்தக்க எல்லை. மூன்று குழந்தைகளும் அதற்குள் இருக்கிறார்கள். எடைப் பட்டையின் விளிம்பில் இருக்கும் குழந்தையைத்தான் கவனிக்க வேண்டும். மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் பசி வரும், எடை ஏறும். பதினொன்றரைக் கிலோ குழந்தை அடுத்த மாதம் பன்னிரண்டைத் தொட்டால் மூன்றாவது மாத்திரை வேண்டும். ஒவ்வொரு வருகையிலும் நிறுக்காவிட்டால் குணமாகும் குழந்தைக்குத்தான் மருந்து குறைந்துபோகும்.

புற்றுநோய் மருந்துகளில் மட்டும் மேற்பரப்பு விட்டுக்கொடுக்கப்படவில்லை. டொனால்ட் பிங்கல் 1958-இல் எலி முதல் மனிதர் வரை பல உயிரினங்கள் தாங்கும் மருந்தளவுகளை மேற்பரப்பில் ஒப்பிட்டு, அவை நெருங்கி வருவதைக் காட்டியதிலிருந்து வின்கிரிஸ்டின் போன்ற மருந்துகள் சதுர மீட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்று கணக்கிடப்படுகின்றன. இங்கே கொல்லும் அளவும் குணமாக்கும் அளவும் அருகருகே நிற்பதால், வர்க்கமூலம் போடும் உழைப்புக்கு அர்த்தம் உண்டு. ஆனால் என் வாதத்தின் எல்லையும் இதே துறையில்தான் முதலில் தெரிந்தது. சிறுநீரகத்தில் வரும் வில்ம்ஸ் கட்டிக்கான அமெரிக்கத் தேசிய ஆய்வின் இரண்டாம் கட்டத்தில், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் மேற்பரப்புக் கணக்கில் முழு அளவைப் பெற்றபோது பக்கவிளைவுகள் கடுமையாயின. அளவைப் பாதியாகக் குறைக்க வேண்டியிருந்தது. அதனால் கைக்குழந்தைகளுக்குச் சதுர மீட்டர் எண்ணை 30-ஆல் வகுத்துக் கிலோ எண்ணாக்கும் வழக்கம் வந்தது. முப்பது கிலோ குழந்தையின் மேற்பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் என்பதே அந்த 30-க்குக் காரணம். ஆறு கிலோ எடையும் 64 சென்டிமீட்டர் நீளமும் உள்ள கைக்குழந்தைக்கு மேற்பரப்பு 0.33; வின்கிரிஸ்டின் 0.49 மில்லிகிராம் வரும். 1.5-ஐ 30-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 0.05, ஆறு கிலோவுக்கு 0.30 மில்லிகிராம்.

இரண்டு வயதில் எடைக் கணக்கு மருந்தைக் குறைத்துக் கொடுத்தது. ஆறு மாதத்தில் மேற்பரப்புக் கணக்கு கூட்டிக் கொடுக்கிறது. காரணம், சூத்திரம் உடலின் அளவை மட்டும் அறியும், உறுப்புகளின் முதிர்ச்சியை அறியாது. பிறந்த குழந்தையிடம் இது உயிர்ப்பிரச்சினை ஆகும். குளோராம்ஃபெனிகாலைக் கல்லீரல் குளுக்குரோனைடாக மாற்றி வெளியேற்ற வேண்டும். அதற்கான நொதி பிறந்த சில வாரங்களுக்கு மிகக் குறைவு. 1950-களில் பச்சிளங்குழந்தைகளுக்குக் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் கொடுத்ததில் வயிறு உப்பி, தோல் சாம்பல் நிறமாகி, ரத்த ஓட்டம் சரிந்து பலர் இறந்தார்கள். 1959-இல் அதன் காரணம் வெளியானது. பிறகு பச்சிளங்குழந்தைக்குக் கிலோவுக்கு 25 மில்லிகிராம் என்று குறைத்தார்கள். மேற்பரப்பு வாதத்தை இங்கே கொண்டுவந்தால் அளவை இன்னும் உயர்த்தச் சொல்லும். காசநோய் மருந்தில்கூட மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்த அட்டவணையைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றாமல் குழந்தைநல மருத்துவரின் முடிவுக்கு விடுவது அதனால்தான்.

கிலோ, சதுர மீட்டர் இரண்டையும் சரியாகப் போட்டாலும், பெரும் பிழைகள் நடப்பது கடைசிப் படியில், மில்லிகிராமை மில்லிலிட்டராக்கும்போது. அதே பத்துக் கிலோ குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பாராசிட்டமால் கிலோவுக்கு 15 வீதம் 150 மில்லிகிராம். 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப்பில் ஒரு மில்லிக்கு 25. எனவே 6 மில்லி. மருந்துக்கடையில் அதே பெயரில், ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்தும் இருக்கிறது, அதில் 1.5 மில்லிதான். 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பில் 3 மில்லி. “6 மில்லி கொடுங்கள்” என்று மட்டும் சொல்லி அனுப்பி, வீட்டில் சொட்டு மருந்துப் புட்டி இருந்தால் குழந்தைக்கு 600 மில்லிகிராம் போகும், கிலோவுக்கு 60. மூன்று நான்கு வேளை இப்படிப் போனால் கல்லீரல் பாதிக்கப்படலாம். இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க ஒரு வழி, மில்லியிலிருந்து பின்னோக்கி நடப்பது: மில்லியைச் செறிவால் பெருக்கி, எடையால் வகுத்து, கிலோவுக்கான எண் எல்லைக்குள் வருகிறதா என்று பார்ப்பது. கிடைத்த அளவு வளர்ந்தவரின் அளவைத் தாண்டுகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். நாற்பது கிலோ சிறுவனுக்குக் கிலோவுக்கு 10 என்று ஐசோனியாசிட் போட்டால் 400 வரும். அங்கே 300-இல் நிறுத்த வேண்டும், ஏனெனில் அவன் உடல் வளர்ந்தவரின் கணக்குக்குள் ஏற்கெனவே வந்துவிட்டது.

ஆகவே மருந்துச் சீட்டு எழுதப்போகும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். குழந்தையின் சீட்டில் எடை பார்த்த தேதியுடன் எடையையும், கிலோவுக்கான எண்ணையும், மொத்த மில்லிகிராமையும், புட்டியின் செறிவையும், அதன் பிறகே மில்லியையும் எழுதுங்கள். வாடிப்பட்டியில் எழுதிய சீட்டை மதுரையில் மருந்து கொடுப்பவர் சரிபார்க்க முடிவது இந்த ஐந்தும் அதில் இருந்தால் மட்டுமே.